ஹசார்ட் ரேட்டைத் தமிழில் எப்படிச் சொல்வது? சி.டி.எஸ் ஆண்டுக் கட்டணத்துக்குள் இருக்கும் மூன்று சொற்கள்

கிரெடிட் டிஃபால்ட் ஸ்வாப் பற்றித் தமிழில் எழுத உட்கார்ந்தால் எனக்கு எப்போதும் இடறுகிற சொல் ஹசார்ட் ரேட்தான். பலரும் அதை ‘இடர் வீதம்’ என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். ரிஸ்க்குக்கும் இடர் என்றுதான் சொல்கிறோம், அதனால் ‘இடர் வீதம் 2.5 சதவீதம்’ என்று படிப்பவர், அந்த நிறுவனம் ஒரு வருடத்துக்குள் கடன் தவற 2.5 சதவீதம் வாய்ப்பு என்று புரிந்துகொள்கிறார். அது கொஞ்சம் தவறு. சின்ன எண்களில் அந்தத் தவறு கண்ணுக்குத் தெரியாது, பெரிய எண்களில் கணக்கையே கவிழ்த்துவிடும்.

முதலில் ஒப்பந்தம் என்ன என்று பார்த்துவிடுவோம். ஒரு நிறுவனத்தின் கடன் பத்திரம் தவறினால் இழப்பை ஈடு செய்கிறேன் என்று ஒருவர் வாக்குக் கொடுக்கிறார், அதற்காக இன்னொருவர் அவருக்கு ஆண்டுதோறும் ஒரு கட்டணம் கட்டுகிறார். நிறுவனம் தவறிவிட்டால் கட்டணம் அதோடு நிற்கும், ஈட்டுத் தொகை கைமாறும். அவ்வளவுதான். ‘ஸ்வாப்’ என்றால் மாற்றிக்கொள்வது, கட்டணத்துக்கு மாற்றாக வாக்குறுதி என்ற பொருளில் அந்தப் பெயர் பொருந்துகிறது. காப்பீடு மாதிரிதானே என்று தோன்றும், ஆனால் கட்டணம் கட்டுபவரிடம் அந்தப் பத்திரம் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இந்த ஒப்பந்தத்தில் இல்லை. ஆகவே ‘கடன் காப்பீடு’ என்று மொழிபெயர்ப்பது தப்பான படத்தைத் தரும். ‘கடன் தவறல் காப்பு ஒப்பந்தம்’ என்று நான் எழுதுகிறேன். ஸ்வாப் என்ற சொல் உள்ளே வந்தே ஆக வேண்டும் என்று நினைப்பவர்கள் ‘கடன் தவறல் மாற்று ஒப்பந்தம்’ என்று எழுதலாம், அதுவும் சரிதான்.

இனி ஆண்டுக் கட்டணம். சந்தையில் இதை ‘ஸ்ப்ரெட்’ என்பார்கள், பழைய பழக்கத்தில் ‘பிரீமியம்’ என்றும் சொல்வார்கள். பிரீமியத்தின் வேர் இலத்தீனில் ‘ப்ரேமியம்’, பரிசு, வெகுமதி என்று பொருள். இந்த வேரைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும். தமிழில் ‘காப்புக் கட்டணம்’ போதும்.

இந்தக் கட்டணத்துக்கு எல்லோரும் மனப்பாடமாக வைத்திருக்கும் ஒரு சூத்திரம் உண்டு:

```
s ≈ λ × (1 − R)
```

இங்கே s ஆண்டுக் கட்டணம், λ ஹசார்ட் ரேட், R ரிகவரி ரேட், அதாவது தவறிய பிறகும் பத்திரத்தில் மிஞ்சும் மதிப்பின் பங்கு. மூன்றும் ஒன்றோடொன்று கட்டுண்டிருப்பதால் இதைக் கடன் முக்கோணம் என்பார்கள், இரண்டு தெரிந்தால் மூன்றாவது வந்துவிடும். காரணம் எளிது. ஒரு சின்னக் கால இடைவெளியில் காப்பு விற்றவர் வாங்கும் கட்டணமும், அவர் எதிர்பார்க்க வேண்டிய இழப்பும் சமமாக இருந்தால்தான் விலை நியாயம். தவறும் வேகம் λ, தவறினால் போவது தொகையில் (1 − R) பங்கு, இரண்டையும் பெருக்கினால் கட்டணம்.

ஹசார்ட் என்ற சொல் பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது, முதலில் அது ஒரு பகடை விளையாட்டின் பெயர். புள்ளியியலில் அது பெற்ற பொருள் வேறு: இந்த நொடி வரை தாக்குப்பிடித்த ஒன்று, அடுத்த நொடியில் விழுவதற்கான வேகம். ஆயுள் காப்பீட்டுக் கணக்கர்கள் மனிதர்களின் சாவைப் பற்றிப் பேசும்போது இதையே ‘மரண விசை’ என்ற பொருளில் சொல்கிறார்கள். விசை, வேகம் என்ற அந்தப் பார்வைதான் சரியானது. கார் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்றால் அது 60 கிலோமீட்டர் போய்விட்டது என்று அர்த்தமில்லை, இல்லையா? அதே மாதிரிதான் λ. ஆகவே என் பரிந்துரை ‘தவறல் வேகம்’. ‘தவறல் வீதம்’ என்றால் கடந்த காலத்தில் நூற்றுக்கு எத்தனை நிறுவனங்கள் தவறின என்ற புள்ளிவிவரத்தோடு குழம்பிவிடும்.

வேகத்திலிருந்து வாய்ப்புக்குப் போக ஒரு படி உண்டு. t ஆண்டுக்குள் தவறும் வாய்ப்பு `1 − e^(−λt)`. வேகம் ஆண்டுக்கு 2.5 சதவீதம் என்றால் ஓராண்டு வாய்ப்பு 2.47 சதவீதம், வித்தியாசம் ஒன்றுமில்லை. ஆனால் திவாலின் விளிம்பில் நிற்கும் நிறுவனத்துக்கு வேகம் ஆண்டுக்கு 200 சதவீதம் என்று வரலாம். ‘இடர் வீதம் 200 சதவீதம்’ என்று படித்தால் எவரும் கணக்கு தப்பு என்பார்கள். தப்பில்லை, அந்த வேகத்தில் ஓராண்டுக்குள் தவறும் வாய்ப்பு சுமார் 86.5 சதவீதம்.

ஒரு கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். தொகை 1 கோடி டாலர், காலம் 5 ஆண்டு, தவறல் வேகம் 2.5 சதவீதம், R 40 சதவீதம், தொடர் கூட்டு வட்டி 3 சதவீதம். முக்கோணம் சொல்வது 0.025 × 0.6, அதாவது 1.5 சதவீதம். ஆண்டுக்கு 1.5 லட்சம் டாலர், சந்தை மொழியில் 150 அடிப்படைப் புள்ளிகள்.

சரி, முழுக் கணக்கு என்ன சொல்கிறது? ஐந்தாம் ஆண்டு முடிவில் நிறுவனம் தாக்குப்பிடித்திருக்க வாய்ப்பு 88.25 சதவீதம், எனவே இடையில் தவற வாய்ப்பு 11.75 சதவீதம் (ஐந்து முறை 2.5 என்று கூட்டி 12.5 என்று சொல்லிவிடக் கூடாது). ஒவ்வோர் ஆண்டும் தவறும் வாய்ப்பை எடுத்து, அந்த ஆண்டின் நடுவில் தவறுவதாக வைத்து, வட்டிக்குக் கழித்து, 0.6-ஆல் பெருக்கிக் கூட்டினால் காப்பின் இன்றைய மதிப்பு சுமார் 6.56 லட்சம் டாலர் வருகிறது. மறுபக்கம், ஆண்டு முடிவில் நிறுவனம் உயிரோடு இருந்தால் மட்டும் ஒரு டாலர் கட்டுவது, நடுவில் தவறினால் அதுவரைக்கான அரை டாலர் கட்டுவது என்று வைத்துக்கொண்டால் அந்த வரிசையின் இன்றைய மதிப்பு 4.307 டாலர். 6.56 லட்சத்தை 4.307-ஆல் வகுத்தால் ஆண்டுக்குச் சுமார் 1.52 லட்சம், அதாவது 152 புள்ளி. இரண்டு புள்ளிதான் கூடுதல். கட்டணம் ஆண்டு முடிவில் தாமதமாகக் கைக்கு வருவதற்கான வட்டி அது. நடைமுறையில் காலாண்டுக்கு ஒரு முறை கட்டுவதால் அது 151-ஐ ஒட்டி வந்துவிடும். வேகம் ஒரே சீராக இருக்கும் என்று வைத்துக்கொள்ளும் வரை முக்கோணம் நன்றாகவே உழைக்கிறது.

சிக்கல் எல்லாம் R-இல் இருக்கிறது. ரிகவரி என்பதை ‘மீட்பு வீதம்’ என்று எழுதுவது வழக்கம், நானும் அப்படித்தான் எழுதிவந்தேன், இப்போது விட்டுவிட்டேன். மீட்பு என்றால் கடன் கொடுத்தவர் நீதிமன்றத்தில் போராடி, ஆண்டுக்கணக்கில் காத்திருந்து கடைசியில் வாங்கும் பணம் என்ற எண்ணம் வரும். இந்த ஒப்பந்தத்தில் R அதைக் குறிப்பதில்லை. நிறுவனம் தவறிய சில வாரங்களில் அதன் பத்திரங்களை வைத்து ஓர் ஏலம் நடக்கும், அதில் வரும் விலைதான் R. லேமன் பிரதர்ஸ் 2008 செப்டம்பர் 15-இல் திவால் மனு கொடுத்தது, அக்டோபர் 10-இல் ஏலம், விலை நூற்றுக்கு 8.625. பத்திரத்தை விற்காமல் வைத்திருந்தவர்களுக்குப் பின்னர் வந்த ஆண்டுகளில் அதைவிடக் கணிசமாகக் கூடுதலாகவே கிடைத்தது, ஆனால் காப்பு விற்றவர் கொடுத்தது நூற்றுக்கு 91.375, அதில் மாற்றமில்லை. எனவே ‘மிச்ச மதிப்பு’ என்பதே பொருத்தமான சொல். அதே அக்டோபரில் ஃபேனி மே நிறுவனத்தின் மூத்த கடனுக்கு, அதாவது திருப்பித் தருவதில் முன்னுரிமை உள்ள கடனுக்கு, நடந்த ஏலத்தில் மிச்ச மதிப்பு 91.51. இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், 40 என்ற அனுமானம் எங்கே நிற்கிறது?

ஆனாலும் சந்தை 40 சதவீதத்தைத்தான் மூத்த, பிணையில்லாக் கடனுக்கு மரபாக வைத்திருக்கிறது, அதற்கு அடுத்த படியில் உள்ள கடனுக்கு 20. எல்லோரும் ஒரே எண்ணை வைத்தால்தான் ஒருவர் சொல்லும் விலை இன்னொருவருக்குப் புரியும் என்பதற்காக வந்த உடன்பாடு அது, முன்கணிப்பு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சந்தையில் கண்ணுக்குத் தெரிவது s மட்டும். 150 புள்ளி என்று பார்த்துவிட்டு R 40 என்று வைத்தால் வேகம் 2.5 சதவீதம், R 20 என்று வைத்தால் 1.875 சதவீதம். எது உண்மை என்று அந்த ஒரு விலையை வைத்துச் சொல்லவே முடியாது. இரண்டு ஜோடியையும் திரும்பச் சூத்திரத்தில் போட்டால் அதே 150 வரும், அதனால் சாதாரண ஒப்பந்தத்தில் தவறு வெளியே தெரியாது.

எங்கே தெரியும்? தவறினால் முழு 100-ஐயும் கொடு, மிச்ச மதிப்பு பற்றிப் பேச்சே வேண்டாம் என்று எழுதும் ஒப்பந்தங்கள் உண்டு. அங்கே கட்டணம் ஏறக்குறைய λ-வேதான். ஒருவர் 250 புள்ளி கேட்பார், இன்னொருவர் 187.5 கேட்பார், இருவரும் ஒரே சந்தை விலையிலிருந்து கிளம்பியவர்கள்!

இன்னோர் இடமும் உண்டு. 2009-க்குப் பிறகு வட அமெரிக்க ஒப்பந்தங்களில் ஆண்டுக் கட்டணம் 100 அல்லது 500 புள்ளி என்று நிலைப்படுத்தப்பட்டது, மீதி வித்தியாசம் முன்பணமாகக் கைமாறும். நம் கணக்கில் 100 புள்ளி மட்டும் ஆண்டுதோறும் கட்டினால், விட்டுப்போன 50 சொச்சம் புள்ளிக்காக முதலிலேயே சுமார் 2.25 லட்சம் டாலர் கொடுக்க வேண்டும். இப்போது நொடித்துப்போகும் நிலையில் உள்ள ஒரு நிறுவனத்துக்கு முன்பணமே நூற்றுக்கு 65 கேட்கிறார்கள் என்று வையுங்கள். R 40 என்றால் அதிகபட்ச இழப்பே 60, எனவே எந்தத் தவறல் வேகத்தைப் போட்டாலும் அந்த விலை வராது, கணினி விடை கிடைக்கவில்லை என்று நின்றுவிடும். நிரலில் பிழை தேடுவதற்கு முன் R-ஐப் பாருங்கள், அந்தப் பத்திரம் 30-க்கு விற்கும்போது 40 மிச்சம் என்று எழுதியிருப்பீர்கள்.

அப்புறம், பிரீமியத்தின் வேர்ச்சொல். கட்டணத்திலிருந்து திருப்பி எடுத்த λ-வில் நிறுவனம் தவறும் வாய்ப்பு மட்டும் இல்லை, அந்தப் பாரத்தைச் சுமக்க விற்பவர் கேட்கும் வெகுமதியும் கலந்திருக்கிறது. அதனால்தான் இந்த வேகம் கடந்த காலத் தவறல் புள்ளிவிவரத்தைவிடப் பொதுவாகக் கூடுதலாக இருக்கிறது. 2.5 சதவீதம் என்று வந்த எண்ணை எடுத்து ‘சந்தை இந்த நிறுவனம் தவற 2.5 சதவீதம் வாய்ப்பு என்று நினைக்கிறது’ என்று எழுதினால் வேகம், வாய்ப்பு, வெகுமதி மூன்றும் ஒரே வாக்கியத்தில் கலந்துவிடும். ‘R 40 என்று வைத்தால், கட்டணம் காட்டும் தவறல் வேகம் ஆண்டுக்கு 2.5 சதவீதம்’ என்று எழுதுங்கள். நீளம்தான், ஆனால் அந்த ‘வைத்தால்’ இல்லாமல் எண்ணுக்குப் பொருளில்லை.