பதினொரு மருந்தும் ஒரு அட்டவணையும்

வெள்ளவத்தையில் இருந்து கிளினிக்குக்கு வந்த அன்டிக்கு 64 வயது, சீனி வருத்தமும் உண்டு. மூன்று நாளாகச் சிறுநீர் கழிக்கும்போது எரிவு. காய்ச்சல் இல்லை, முதுகு நோவும் இல்லை. சிறுநீரில் உள்ள கிருமியை வளர்த்துச் சோதித்த கல்ச்சர் ரிப்போர்ட்டை மகன் நீட்டினான். "டொக்டர், மெரோபெனம்தானே பெரிய மருந்து? அது எஸ் என்று இருக்கு. அதையே போட்டுவிட்டால் என்ன?"

ரிப்போர்ட்டில் 'கொலிபோம், ஒரு மில்லிலீற்றரில் 1 இலட்சத்துக்கு மேல்' என்று இருந்தது. கொலிபோம் என்பது ஈ.கோலை போன்ற குடல் கிருமிகளின் பொதுப்பெயர். அதன் கீழ் பதினொரு மருந்து, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஓர் எழுத்து. எஸ் என்றால் கிருமி அந்த மருந்துக்கு அடங்கும், ஆர் என்றால் அடங்காது. அம்பிசிலின், செபுரொக்சிம், செபோடாக்சிம், சிப்ரொஃப்ளொக்சசின், கோ-ட்ரைமொக்சசோல் ஐந்தும் ஆர். கோ-அமொக்சிக்ளாவ், பிப்பெரசிலின்-டாசோபக்டம், ஜென்டாமைசின், அமிகாசின், நைட்ரோபியூரன்டோயின், மெரோபெனம் ஆறும் எஸ். ஆறு எஸ் இருந்தால் ஆறு தெரிவு என்றுதான் யாருக்கும் தோன்றும். எங்கள் வாட்டில் இந்தப் பட்டியலைச் சின்ன அட்டவணையாகச் சுருக்கி வைத்திருப்பதே அந்த எண்ணத்தைத் தடுக்கத்தான்.

எழுத்து எப்படி வருகிறது என்பதை முதலில் பார்ப்போம். கிருமியை அகார் தட்டில் பரப்பி, மருந்து ஊறிய சின்னக் கடதாசி வில்லைகளை மேலே வைத்து, ஓர் இரவு சூட்டில் விடுவார்கள். மருந்து வேலை செய்தால் வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத வட்டம் தெரியும். அதன் விட்டத்தை அளந்து, அந்த மருந்துக்கென்று உள்ள எல்லையோடு ஒப்பிட்டு எழுத்தைப் போடுவார்கள். எல்லை மருந்துக்கு மருந்து வேறு. அமெரிக்க சி.எல்.எஸ்.ஐ. முறையில் 20 மில்லிமீற்றர் வட்டம் நைட்ரோபியூரன்டோயினுக்கு எஸ். அதே 20 செபோடாக்சிமுக்கு ஆர். ஆகவே எண் பெரிதாக இருக்கும் மருந்துதான் பலமானது என்று எடுக்கக் கூடாது. அந்தத் தவறு படித்தவர்களிடமும் உண்டு.

அன்டியின் ரிப்போர்ட்டில் என் கண் முதலில் போனது செபோடாக்சிமின் ஆர் மேல். அது ஒரு மருந்தைப் பற்றிய செய்தி மட்டுமல்ல, ஓர் அடையாளமும்கூட. கொலிபோம் வகைக் கிருமியில் செபோடாக்சிம் ஆர், மெரோபெனம் எஸ் என்று சேர்ந்து வந்தால், பெரும்பாலும் கிருமியிடம் ஈ.எஸ்.பி.எல். என்ற நொதி இருக்கிறது. பெனிசிலின்களையும், செபோடாக்சிம் போன்ற செபலோஸ்போரின்களையும் வெட்டிப்போடும் நொதி அது. ஆய்வுகூடம் உறுதிப்படுத்த விரும்பினால், செபோடாக்சிம் வில்லையோடு, நொதியைத் தடுக்கும் கிளாவுலனிக் அமிலம் சேர்த்த இன்னொன்றையும் வைக்கும். சேர்த்ததன் வட்டம் தனி செபோடாக்சிமின் வட்டத்தைவிட 5 மில்லிமீற்றரோ அதற்கு மேலோ பெரிதாக இருந்தால் நொதி இருப்பது தெளிவு.

அடையாளம் கிடைத்ததும் சில எஸ்களை நம்ப முடியாமல் போகிறது. பிப்பெரசிலின்-டாசோபக்டத்தை எடுங்கள். டாசோபக்டம் இந்த நொதியைத் தடுக்கும், அதனால் தட்டில் எஸ் வரலாம். உடம்புக்குள் கிருமி பெருந்தொகையாக இருக்கும் இடத்தில் நொதியும் அதிகம். தடுப்பான் போதாமல் போகலாம். 2018இல் வெளியான மெரினோ ஆய்வில், செபோடாக்சிமின் இனத்து மருந்தான செப்ட்ரையாக்சோனுக்கு ஆர் ஆன ஈ.கோலையோ கிளெப்சியெல்லாவோ இரத்தத்தில் இருந்த நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கத்துக்குப் பிப்பெரசிலின்-டாசோபக்டமும் மறுபக்கத்துக்கு மெரோபெனமும் கொடுத்தார்கள். எல்லாருடைய கிருமிக்கும் இரு மருந்துமே எஸ். 30 நாளுக்குள் இறந்தவர்கள் பிப்பெரசிலின்-டாசோபக்டம் பக்கத்தில் 12.3 சதவீதம், மெரோபெனம் பக்கத்தில் 3.7 சதவீதம். பிறகு கிருமிகளை வேறு முறையில் மறுபடி சோதித்தபோது, சில முதலிலேயே உண்மையான எஸ் அல்ல என்றும் தெரிந்தது. எப்படிப் பார்த்தாலும் அந்த எழுத்தை நம்பி இரத்தத் தொற்றில் இறங்க முடியாது.

சரி, அப்படியென்றால் மகன் சொன்ன மெரோபெனம்தானா? இங்கேதான் அட்டவணையின் இரண்டாவது கேள்வி வருகிறது: தொற்று எங்கே இருக்கிறது? நைட்ரோபியூரன்டோயின் இரத்தத்தில் தங்குவதில்லை, சிறுநீரகம் அதை வடித்துச் சிறுநீரில் சேர்த்துவிடும். அதனால் சிறுநீர்ப்பைக்கு நல்ல மருந்து. சிறுநீரகத்தின் சதைக்கும் இரத்தத்துக்கும் அது போதாது, ரிப்போர்ட்டில் எத்தனை எஸ் இருந்தாலும். சிறுநீரகம் நன்றாக வடிக்காதவருக்கும் கொடுக்க முடியாது. மருந்து போய்ச் சேர வேண்டிய இடத்துக்கே போகாது.

சுவரில் ஒட்டிய தாளின் சிறுநீர்ப் பகுதி இது:

| கிருமியும் அடையாளமும் | சிறுநீர்ப்பை மட்டும் | காய்ச்சல், முதுகு நோவு |
|---|---|---|
| கொலிபோம், செபோடாக்சிம் எஸ் | நைட்ரோபியூரன்டோயின் | செப்ட்ரையாக்சோன் |
| கொலிபோம், செபோடாக்சிம் ஆர், மெரோபெனம் எஸ் | நைட்ரோபியூரன்டோயின், பொஸ்போமைசின் | எஸ் என்றால் சிப்ரொஃப்ளொக்சசின் அல்லது கோ-ட்ரைமொக்சசோல். கடும் நோய் என்றால் மெரோபெனம் |
| கொலிபோம், மெரோபெனம் ஆர் | நுண்ணுயிரியல் டொக்டருக்குப் போன் | உடனே போன் |
| என்டரோகொக்கஸ், அம்பிசிலின் எஸ் | அமொக்சிசிலின் | அம்பிசிலின் |

ஒவ்வொரு கட்டத்திலும் இருக்கும் மருந்து, அந்த ரிப்போர்ட்டிலும் எஸ் ஆக இருந்தால்தான் எழுதப்படும். என்டரோகொக்கஸ் வரிசையில் ஒரு செபலோஸ்போரினும் இல்லை. அந்தக் கிருமி பிறவியிலேயே அவற்றுக்கு அடங்காது. இப்படிப் பிறவி எதிர்ப்புகளை முன்கூட்டியே வெட்டிவிடுவதால்தான் அட்டவணை இவ்வளவு சிறிதாகிறது. ரிப்போர்ட்டில் தவறு இருந்தால் பிடிக்கவும் அதுவே உதவும். கிளெப்சியெல்லா என்று எழுதி அம்பிசிலின் எஸ் என்று வந்தாலோ, புரோட்டியஸுக்கு நைட்ரோபியூரன்டோயின் எஸ் என்று வந்தாலோ எங்கேயோ பிசகு. கிருமியின் பெயர் பிழை, அல்லது சோதனை பிழை. அட்டவணையை மூடிவிட்டு ஆய்வுகூடத்துக்கு அழைக்க வேண்டும்.

அன்டிக்கு இரண்டாவது வரிசை, இடது கட்டம். சிறுநீரக இரத்தச் சோதனை சரியாக இருந்தது. நைட்ரோபியூரன்டோயின் ஐந்து நாளுக்கு எழுதினேன். மகனுக்கு அவ்வளவு திருப்தி இல்லை, சின்ன மருந்தாகத் தெரிந்ததாம்.

அதே வாரம் வாட்டில் ஓர் ஐயா. 71 வயது, 39 பாகை காய்ச்சல், நடுக்கம், இரத்த அழுத்தம் இறங்கியிருந்தது. அவருடைய சிறுநீர் ரிப்போர்ட் அன்டியுடையதோடு எழுத்துக்கு எழுத்து ஒன்று. அதே வரிசை, ஆனால் வலது கட்டம். சிப்ரொஃப்ளொக்சசினும் கோ-ட்ரைமொக்சசோலும் ஆர், ஆளும் தளர்ந்திருந்தார், மெரோபெனம் ஏற்றினோம்.

அட்டவணையின் பலவீனம் 'கொலிபோம்' என்ற அந்தச் சொல்லில்தான் இருக்கிறது. ஈ.கோலை, கிளெப்சியெல்லா, என்டரோபக்டர் எல்லாவற்றையும் ஒரே சாக்கில் போடும் சொல் அது. சிறுநீர்ப்பை எரிவுக்கு அது பெரிய குறையல்ல. ஆனால் என்டரோபக்டர் குளொவேக்கே செபோடாக்சிமுக்கு எஸ் என்று காட்டிவிட்டு, மருந்து ஏற்றத் தொடங்கிய பிறகு ஆர் ஆகிவிடக்கூடியது. முதல் வரிசையின் வலது கட்டம் அதற்குப் பொருந்தாது. ஐயாவின் இரத்தக் கல்ச்சரிலும் 'கொலிபோம்' என்றுதான் வந்தது, அதனால் சரியான பெயரைக் கேட்டு ஆய்வுகூடத்துக்கு அழைத்தேன். ஈ.கோலை என்றார்கள்.

தாளின் பழைய பிரதியில் இரண்டாவது வரிசை வலது கட்டத்தில் 'பிப்-டாசோ' என்று ஒரு சொல் இருந்தது. யாரோ நீலப் பேனாவால் அதைக் குறுக்கே வெட்டி, பக்கத்தில் திகதி போட்டிருந்தார்கள். புதுத் தாளை ஒட்டும்போது நான் அந்தப் பழையதைக் கழற்றவில்லை, அடியில் அப்படியே விட்டேன்.