5 கிலோ, 50 கிலோமீட்டர்: கட்டணம் தடுமாறும் விளிம்பு

கிருஷ்ணகிரியிலிருந்து மாம்பழப் பெட்டி அனுப்பும் ஒரு கடை, தன் இணையதளத்தில் இப்படி ஒரு கட்டணப் பட்டியல் வைத்திருப்பதாகக் கொள்வோம். தொகைகள் உதாரணத்துக்குத்தான்.

```
           50 கி.மீ. வரை   150 வரை   300 வரை
5 கிலோ வரை       60           90        130
10 வரை           90          140        200
20 வரை          150          230        320
```

இதைச் சோதிக்க உட்காருபவர் வழக்கமாக 3 கிலோவைச் சேலத்துக்கும் 15 கிலோவைச் சென்னைக்கும் போட்டுப் பார்ப்பார். இரண்டுக்கும் கட்டணம் சரியாகவே வரும். கட்டத்தின் நடுவில் உள்ள எண்களில் பிழை பெரும்பாலும் சிக்காது. ஒரு கட்டம் முடிந்து அடுத்தது தொடங்கும் விளிம்பில்தான் `<` போடுவதா `<=` போடுவதா என்று எழுதுபவர் தடுமாறுவார். இது வெறும் ஏட்டுக் கவலை இல்லை. கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் சுமார் 50 கிலோமீட்டர். கடையின் தினசரி ஆர்டர்களே அந்த விளிம்பில் வந்து நிற்கும்.

எடை மட்டும் இருந்தால் வேலை சுலபம். 5 கிலோவில் ஒரு சோதனை, அதற்கு 1 கிராம் மேலே ஒரு சோதனை, அவ்வளவுதான். தூரமும் சேர்ந்துவிட்டால், எடையைத் தனியாகவும் தூரத்தைத் தனியாகவும் பார்த்து முடித்துவிடலாம் என்று தோன்றும். அங்கேதான் ஏமாறுகிறோம். கீழே உள்ள நிரலில் எடை கிராமிலும் தூரம் மீட்டரிலும் இருக்கின்றன:

```python
if g <= 5000 and m <= 50000: return 60
if g <= 5000 and m <= 150000: return 90
if g <= 10000 and m < 50000: return 90
if g <= 10000 and m <= 150000: return 140
```

மூன்றாவது வரியில் ஒரு `=` விடுபட்டிருக்கிறது. தூர விளிம்பை 2 கிலோ பார்சலை வைத்துச் சோதித்தால் 50 கிலோமீட்டருக்கு 60 ரூபாய் வரும். அது சரிதான். எடை விளிம்பை 20 கிலோமீட்டர் தூரத்தில் சோதித்தால் 10 கிலோவுக்கு 90 ரூபாய் வரும். அதுவும் சரி. இரண்டு சோதனையும் பச்சை காட்டிவிட்டன. ஆனால் 8 கிலோ பெட்டி சரியாக 50 கிலோமீட்டர் போனால், 90 வாங்க வேண்டிய இடத்தில் 140 வாங்கும். தூரத்தின் ஒரே விளிம்பு ஒவ்வொரு எடை வரிசையிலும் தனித்தனியாக எழுதப்பட்டிருப்பதால், ஒரு வரிசையில் சரியாக இருப்பது அடுத்த வரிசைக்குச் சாட்சி ஆகாது.

ஆகவே விளிம்புகளைப் பெருக்கிப் பார்க்க வேண்டும். எடைக்கு ஆறு மதிப்புகள்: 5000, 5001, 10000, 10001, 20000, 20001 கிராம். தூரத்துக்கும் அதே போல 50000, 50001 தொடங்கி 300001 மீட்டர் வரை ஆறு. ஒவ்வொன்றையும் ஒவ்வொன்றோடு சேர்த்தால் 36 சோதனைகள். இவற்றில் 25-க்குக் கட்டணம் வர வேண்டும். மீதி 11-இல் ஒன்றாவது எல்லை தாண்டியிருப்பதால் ‘அனுப்ப இயலாது’ என்று வர வேண்டும். அந்த 11-இல் எதற்காவது தொகைக்குப் பதில் `None` என்று வெறுமையாக வந்தால், எந்த `if`-இலும் சிக்காமல் ஆர்டர் வழுக்கி வெளியே போயிருக்கிறது என்று பொருள். அதை இணையதளம் 0 ரூபாய் என்று காட்டினால், இலவச டெலிவரி என்று வாடிக்கையாளர் மகிழ்ச்சியோடு ஆர்டர் போட்டுவிடுவார்.

வர வேண்டிய தொகையை நிரலிலிருந்து எடுத்து எழுதக் கூடாது, கடைக்காரரின் பட்டியலிலிருந்துதான் எழுத வேண்டும். நிரலிலிருந்து எடுத்தால் பிழையும் கூடவே வந்துவிடும்.

பட்டியலிலேயே ஒரு பொறி இருக்கிறது. 90 இரண்டு கட்டங்களில் வருகிறது. எடை வரிசையையும் தூர வரிசையையும் யாராவது மாற்றிப் போட்டுவிட்டால், மேல் இடது மூலையில் உள்ள நான்கு கட்டங்களில் ஒன்றுமே மாறாது. 5 கிலோ, 50 கிலோமீட்டர் மூலையை எத்தனை முறை சுற்றி வந்தாலும் பிழை தெரியாது. 130-க்குப் பதில் 150 வரும்போதுதான் பிடிபடும். அதனால் சோதனைக்கென்று தனிப் பட்டியல் வைத்து, ஒரு 90-ஐ 95 ஆக்கிவிடுவது நல்லது. எந்த இரு கட்டத்திலும் ஒரே தொகை இருக்கக் கூடாது.

அடுத்து, திரையில் தெரியும் எண்ணும் உள்ளே கணக்கிடும் எண்ணும் ஒன்றா என்பது. தூரம் 50.4 என்று கணக்காகி, திரையில் 50 என்று மட்டும் தெரிந்தால், 90 ரூபாய் பார்சலுக்கு ஏன் 140 என்று வாடிக்கையாளர் சண்டைக்கு வருவார். அவர் பக்கம் நியாயமும் இருக்கிறது. முழு எண்ணாக்கிய பிறகு ஒப்பிடுவதா, முன்பே ஒப்பிடுவதா என்பதை விதியிலேயே எழுதிவிட்டு 50400 மீட்டரையும் ஒரு சோதனையாகச் சேர்க்க வேண்டும். கிலோவைத் தசமமாக வைத்துக் கூட்டினாலும் இதே தொல்லைதான். பைத்தானில் `0.1 + 0.2` என்று கேட்டால் `0.30000000000000004` என்று பதில் வரும். கிராமும் மீட்டருமாக முழு எண்ணில் வைத்துக்கொண்டால் இந்தத் தசமச் சிக்கலே எழாது.

கடைசியாக, தராசில் ஏறுவது பழம் மட்டுமில்லை. 5 கிலோ பெங்களூரா மாம்பழத்தை 400 கிராம் அட்டைப்பெட்டியில் வைத்தால் 5400 கிராம் ஆகிவிடும். இணையதளம் பழத்தின் எடைக்கு 60 வாங்கி, பார்சல் அலுவலகம் மொத்த எடைக்கு 90 கேட்டால், வித்தியாசம் கடைக்காரர் தலையில் விழும். 36 சோதனையும் பச்சை காட்டும்போதே இது நடக்கும். ஆகவே நிரலுக்குள் வரும் `g` எந்த எடை என்று கேட்டுவிட்டு, 4600 கிராம் பழமும் 4601 கிராம் பழமும் பெட்டியோடு சேர்ந்து எந்தக் கட்டத்தில் விழுகின்றன என்றும் பார்க்க வேண்டும்.