தரைச் சார்பு: பெயரும், அதைத் தொகையிடும் வழியும்

⌊x⌋ என்ற குறியைப் பள்ளிப் பாடத்தில் மீப்பெரு முழு எண் சார்பு என்று படித்திருப்போம். பெயரில் பிழை எதுவும் இல்லை, ஆனால் பாதிதான் சொல்கிறது. எதற்குள் மீப்பெரியது? x-ஐத் தாண்டாத முழு எண்களுக்குள் மீப்பெரியது. அந்த ‘தாண்டாத’ என்ற சொல்தான் முழு வரையறையும். பெயரை மட்டும் மனதில் வைத்திருக்கும் மாணவர் ‘மீப்பெரு’ என்பதைப் பார்த்துவிட்டு 2.7-க்கு 3 என்று எழுதிவிடுகிறார்.

குறி பழையது. இருபடி நேர்மாற்று விதிக்கான நிறுவல் ஒன்றில் கௌஸ் 1808-இல் [x] என்று சதுர அடைப்பு போட்டார். அதுவே நூறு ஆண்டுகளுக்கு மேல் புழங்கியது, நம் பாடநூல்களிலும் இன்னும் இருக்கிறது. ஃப்ளோர், சீலிங் என்ற பெயர்களையும் ⌊ ⌋, ⌈ ⌉ என்ற குறிகளையும் 1962-இல் தந்தவர் கென்னத் ஐவர்சன். அடைப்பின் மேல்முனையை வெட்டினால் கீழே தரை மட்டும் மிஞ்சுகிறது. கீழ்முனையை வெட்டினால் மேலே கூரை. பார்த்தாலே பொருள் சொல்லும் குறி.

இதைத் தமிழில் எப்படிச் சொல்வது? ஆங்கிலத்தில் ஃப்ளோர் என்றால் காலடியில் இருக்கும் தரையும்தான், கட்டடத்தின் மாடியும்தான். தமிழில் இரண்டுக்கும் தனித்தனிச் சொல் உண்டு: தரை, தளம். உண்மையில் தளம் என்ற சொல்லே இங்கே அழகாகப் பொருந்துகிறது. நாம் தரைத்தளத்துக்குப் பிறகுதான் முதல் தளம் என்கிறோம், ஆக தரைத்தளம் 0. ஒரு தளத்தின் உயரம் 1 என்று வைத்துக்கொண்டால், 2.7 உயரத்தில் இருப்பவர் இரண்டாம் தளத்தில் இருக்கிறார். தரைக்குக் கீழே இரண்டு தளம் தோண்டிய வணிக வளாகத்தில் −1.5 உயரத்தில் இருப்பவர் எங்கே இருக்கிறார்? கீழே இரண்டாவது தளத்தில், அதாவது −2-இல். குறை எண்களிலும் படம் பிசகவில்லை. ஆனால் கணிதத்தில் தளம் என்ற சொல்லை வடிவியல் ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டது. Xy-தளம் என்று சொல்லிவிட்டு அடுத்த வரியில் தளச் சார்பு என்றால் குழப்பம்தான். அதனால் படத்தைத் தளத்திலிருந்து எடுத்துக்கொண்டு, பெயரைத் தரைச் சார்பு என்று வைப்பதே சரி என்பது என் முடிவு. அதன் இணை கூரைச் சார்பு.

‘முழு எண் பகுதி’ என்று சிலர் சொல்வதை மட்டும் நான் ஏற்க மாட்டேன். −1.5-இன் முழு எண் பகுதி என்றால் யாரும் புள்ளிக்குப் பின்னால் இருப்பதை வெட்டிவிட்டு −1 என்றுதான் சொல்வார்கள். தரை −2. கணினி நிரலிலும் இவை இரண்டு வேறு வேலைகள்:

```python
import math
math.floor(-1.5)   # -2
int(-1.5)          # -1
```

இந்தச் சார்பைத் தொகையிடும்போதுதான் பெயரின் அருமை தெரியும். வரைந்து பார்த்தால் ⌊x⌋ ஒரு படிக்கட்டு. ஒவ்வொரு படியும் 1 அகலம், படியின் மேல் மதிப்பு மாறாது. முழு எண் வந்ததும் ஒரேயடியாக 1 தாவும். மாறாத உயரமுள்ள படிக்குக் கீழே உள்ள பரப்பு வெறும் செவ்வகம். அதற்கு நுண்கணித உத்தி எதுவும் வேண்டாம். எனவே எல்லைகளுக்கு நடுவில் வரும் ஒவ்வொரு முழு எண்ணிலும் வெட்டி, செவ்வகங்களைக் கூட்ட வேண்டும். இரு முனைகளிலும் மட்டும் அரைகுறைத் துண்டு மிஞ்சலாம்.

−1.5 முதல் 2.7 வரை செய்து பார்ப்போம். வெட்டுமிடங்கள் −1, 0, 1, 2. முதல் துண்டு −1.5 முதல் −1 வரை: அகலம் 0.5, உயரம் −2, பரப்பு −1. அடுத்தது −1 முதல் 0 வரை, −1. தரைத்தளத்தில் 0. பிறகு 1 முதல் 2 வரை, 1. கடைசித் துண்டின் அகலம் 0.7, உயரம் 2, ஆக 1.4.

−1 − 1 + 0 + 1 + 1.4 = 0.4

x = 1 என்ற புள்ளி எந்தத் துண்டில் சேரும் என்று கேட்பவர்கள் உண்டு. எதில் சேர்த்தாலும் ஒன்றுதான். ஒற்றைப் புள்ளிக்கு அகலம் கிடையாது, அதனால் பரப்பும் கிடையாது.

இதையே ‘முழு எண் பகுதி’ என்று நினைத்துச் செய்தால் முதல் துண்டு −0.5 ஆகும், இரண்டாவது 0 ஆகும், விடை 1.9 என்று வரும். பிழை சரியாக 1.5. பூஜ்யத்துக்கு இடப்பக்கம் இருக்கும் நீளமும் 1.5. அந்தப் பக்கம் முழுவதும் தரையை ஒரு தளம் உயர்த்திவிட்டோம் என்பதுதான் காரணம்.

இன்னொரு பிழை இதைவிட நுட்பமானது. ⌊x⌋ மாறிலிதானே, அதைத் தொகையிட்டால் x⌊x⌋ வரும், எல்லைகளைப் போட்டுவிடலாம் என்று தோன்றும். 0 முதல் 2.7 வரை அப்படிப் போட்டால் 2.7 × 2 = 5.4. உண்மையில் 0 + 1 + 1.4 = 2.4. மிகுந்த 3 எங்கிருந்து வந்தது? x⌊x⌋ என்ற சார்பு x = 1-இல் 1 தாவுகிறது, x = 2-இல் 2 தாவுகிறது. ஒரு படிக்குள் அது சரியான விடைதான், படி தாண்டும்போது அந்தத் தாவல்களையும் பரப்பு என்று எண்ணிவிடுகிறது. துண்டு துண்டாக வெட்டியே ஆக வேண்டும் என்பதற்குக் காரணம் இதுதான்.

0 முதல் n வரை, n ஒரு மிகை முழு எண் என்றால், கூட்ட வேண்டியது 0 + 1 + 2 + … + (n − 1), அதாவது n(n − 1)/2. பலர் பழக்கத்தில் n(n + 1)/2 என்று எழுதிவிடுவார்கள். அது கூரைச் சார்புக்கான விடை. இரண்டுக்கும் வித்தியாசம் சரியாக n. முழு எண்கள் தவிர மற்ற எல்லா இடத்திலும் கூரை தரைக்கு 1 மேலே இருப்பதால் அப்படித்தான் வர வேண்டும். விடையைச் சரிபார்க்க ஒரு வழியும் உண்டு: x-இன் தொகை n²/2, அதிலிருந்து ஒவ்வொரு படியிலும் ஒரு அரை குறையும், மொத்தம் n/2.

அலகுத் துண்டு என்பது ⌊x⌋-க்கு மட்டும் கிடைக்கும் வசதி. ⌊x²⌋ என்றால் வெட்ட வேண்டிய இடம் x முழு எண் ஆகும் இடமல்ல, x² முழு எண் ஆகும் இடம். 0 முதல் 1.5 வரை எடுத்தால் வெட்டு 1-இலும் √2-இலும் விழும். முதல் துண்டில் 0, நடுவில் (√2 − 1) × 1, கடைசியில் (1.5 − √2) × 2. கூட்டினால் 2 − √2, ஏறத்தாழ 0.586. 1-இல் மட்டும் வெட்டியவருக்கு 0.5 கிடைக்கும், √2-க்குப் பிறகு தரை 2-க்கு ஏறியதை அவர் கவனிக்கவில்லை.