சும்மா ஒரு சேப்டிக்கு

இந்த மாதத்தில் இவர் நான்காவது ஆள். வெள்ளவத்தையில் பின்னேரம் 5 மணிக்குத் திறக்கும் என் கிளினிக்குக்கு இருமல், காய்ச்சல், சீனி வருத்தம் என்று வருகிறவர்களுக்கு நடுவே, கடைசி நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டு, மற்ற ஆட்கள் எல்லாம் போன பிறகு உள்ளே வருகிற இளைஞர்களில் ஒருவர். இவர்களுக்குப் பெரும்பாலும் 25க்கும் 32க்கும் இடையில்தான் வயது. சீனி இல்லை, பிரஷர் இல்லை, சிலர் ஜிம்முக்கும் போகிறவர்கள். ஆனால் பர்ஸுக்குள் நாலாக மடித்த தாளில் ஒரு விறைப்புக் குளிசை இருக்கும். ஏன் எடுக்கிறீர்கள் என்று கேட்டால், எழுதிக் கொடுத்ததுபோல ஒரே பதில்: "ஒண்டும் பிரச்சினை இல்லை டொக்டர். சும்மா ஒரு சேப்டிக்கு."

இந்தச் சேப்டிதான் இவரை ஒரு வெள்ளிக்கிழமை இரவு அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோயிருக்கிறது. ஆளை அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். குளிசைக் கணக்கை மட்டும் மாற்றவில்லை.

வயது 29. கோட்டையில் கணக்குப் பிரிவில் வேலை. கல்யாணமாகி ஒன்றரை வருடம். முதல் குளிசை 26 வயதில், நண்பர்களோடு பெந்தோட்டைக்குப் போன ட்ரிப்பில். "மச்சான், பாதி போட்டுப் பார்" என்று ஒருவன் கொடுத்திருக்கிறான். போட்டார். எல்லாம் நன்றாக நடந்தது. போடாவிட்டாலும் நன்றாகத்தான் நடந்திருக்கும், ஆனால் அதைத் தெரிந்துகொள்ள அவருக்கு வழி இல்லாமல் போய்விட்டது. கல்யாணத்துக்கு முதல் நாள் பார்மசியில் இரண்டு குளிசையை வெட்டி வாங்கினார். அதன் பிறகு ஒரே ஒரு இரவைத் தவிர அது இல்லாமல் மனைவியின் பக்கத்தில் போனதில்லை. 50 மில்லிகிராமில் பாதி, முழுசு என்று போய், ஒரு வருடத்துக்குள் 100.

சம்பவம் நடந்த இரவு ஒரு கல்யாண வீட்டில் இரண்டு மூன்று கிளாஸ் சாராயம், வயிறு முட்டப் புரியாணி. வீட்டுக்கு வந்து 10 மணிக்கு 100 மில்லிகிராம் போட்டிருக்கிறார். முக்கால் மணித்தியாலமாகியும் ஒன்றும் தெரியவில்லை. குளிசை வேலை செய்யவில்லை என்று இன்னொரு 100. உண்மையில் நெய்ச் சாப்பாடு வயிற்றில் கிடந்தால் இந்தக் குளிசையில் இருக்கும் சில்டெனாபில் என்ற மருந்து இரத்தத்தில் ஏறுவதற்கு ஏறக்குறைய ஒரு மணித்தியாலம் பிந்தும், அவ்வளவுதான் விஷயம். முதல் குளிசை ஏறுகிற நேரத்தில் இரண்டாவதும் சேர்ந்தது. சாராயமும் இரத்தக் குழாய்களைத் தளர்த்தும், இந்தக் குளிசையும் தளர்த்தும். பாத்ரூமில் எழுந்து நின்றவர் கண் இருண்டு விழுந்து, வொஷ்பேசினில் புருவம் அடிபட்டு, மூன்று தையல்.

விழுந்தது பெரிய ஆபத்து இல்லை. பிறகு நடந்ததைக் கேளுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் நெஞ்சு எரிந்து இறுக்கியிருக்கிறது. இந்தக் குளிசை பலருக்கு நெஞ்செரிவைக் கொண்டுவரும், புரியாணியும் சாராயமும் மீதியைச் செய்திருக்கும். ஆனால் அவசர சிகிச்சைப் பிரிவில் நிற்கும் டொக்டருக்கு அது நெஞ்சுநோ. வேறு மருந்து ஏதாவது எடுத்தீர்களா என்று கேட்டிருக்கிறார். பக்கத்தில் மாமனார் நின்றார். "இல்லை" என்று சொல்லிவிட்டார் நம்மவர்.

கட்டிலில் படுத்தபடி பிரஷர் 110/70. நெஞ்சுநோ என்றால் நாக்கின் கீழ் வைக்க ஒரு சிறிய நைட்ரேட் குளிசை எல்லா அவசரப் பிரிவிலும் இருக்கும். இருதய நோயாளிகளுக்கு அது உயிர் காக்கும் மருந்து. ஆனால் சில்டெனாபில் உடம்பில் இருக்கும்போது அதை வைத்தால் பிரஷர் சடாரென்று விழும், சில நேரம் திருப்பி ஏற்றவே முடியாமல் போகும். சில்டெனாபில் எடுத்து 24 மணித்தியாலமும், இதே வகைக் குளிசையான டடாலாபில் என்றால் 48 மணித்தியாலமும் நைட்ரேட் பக்கமே போகக்கூடாது. அன்றைக்கு அவரைக் காப்பாற்றியது மனைவி. பாத்ரூமில் கிடந்த வெறும் மருந்து அட்டையைக் கையில் கொண்டுவந்திருந்தார், அதை நேரே டொக்டரிடம் நீட்டினார். ஈசிஜியும் இரத்தப் பரிசோதனையும் நோர்மல். மாமனார் வெளியே போய் நின்றுவிட்டார்.

இரண்டு கிழமை கழித்து என்னிடம் வந்தபோது அவருடைய முதல் கேள்வி, "டொக்டர், இதைவிடப் பாதுகாப்பான பிராண்ட் ஏதாவது இருக்கா?" எனக்குக் கோபம் வந்ததை மறைக்கவில்லை.

ஏனென்றால் இவர்கள் எல்லோரும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிற ஒரு நம்பிக்கை இருக்கிறது. இது பலம் தரும் குளிசை என்பது. இல்லை. 1998இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்த நாளிலிருந்து இன்றுவரை விறைப்புக்கு இது செய்வது ஒரே ஒரு வேலை. ஆசை வந்து, நரம்பு சைகை கொடுத்து, ஆணுறுப்பின் இரத்தக் குழாய்கள் திறந்த பிறகு, அவற்றைத் திருப்பி மூடவைக்கும் ஒரு நொதியைத் தாமதப்படுத்துகிறது. ஆசையை உண்டாக்காது. சைகையையும் கொடுக்காது. குளிசையைப் போட்டுவிட்டுப் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தால் தலையிடியும் மூக்கடைப்பும்தான் மிச்சம். சீனியாலோ வயதாலோ அந்தக் குழாய்கள் சரியாகத் திறக்காதவருக்கு அந்தத் தாமதம் பெரிய உதவி. நான் தயங்காமல் எழுதிக் கொடுக்கிற மருந்து அது. ஏற்கெனவே முழுதாகத் திறக்கிற குழாய் உள்ள 26 வயதுக்காரனுக்கு அது எதைக் கூட்டிக் கொடுக்கும்? நிரம்பிய தாங்கிக்குள் மோட்டரைப் போடுவது மாதிரி. 2003இல் இத்தாலியில் குறைபாடு எதுவும் இல்லாத 60 ஆண்களை வைத்துப் பார்த்தார்கள். விறைப்பு மேம்படவில்லை. அடுத்த விறைப்புக்கு எடுக்கும் இடைவெளி மட்டும் குறைந்தது.

அப்படியென்றால் பெந்தோட்டையில் வேலை செய்தது எது? பயம் போனது. பயந்த உடம்பில் அட்ரினலின் ஏறும், ஏறினால் அந்தக் குழாய்களைச் சுற்றியுள்ள தசை இறுகும், விறைப்பு இறங்கும். இது நோயே இல்லை. கோட்டை ஸ்டேஷனில் கடைசி ரயிலைப் பிடிக்க ஓடுகிறவனுக்கு ஆசை வருமா? முதலிரவில் "முடியுமா, முடியாதா" என்று தன்னையே பக்கத்தில் நின்று பரீட்சை வைக்கிறவனுக்கும் அதே கதிதான். குளிசை இருக்கிறது என்ற தைரியத்தில் பரீட்சை நின்றுவிடுகிறது, உடம்பு தன் வேலையைச் செய்கிறது, பெயர் குளிசைக்குப் போகிறது.

சிக்கல் தொடங்குவதும் அங்கேதான். ஒவ்வொரு வெற்றியும் குளிசையின் கணக்கில் எழுதப்படுகிறது, சொந்தக் கணக்கில் ஒன்றும் சேர்வதில்லை. 50 தடவை நன்றாக நடந்த பிறகு அவருக்குத் தன் உடம்பைப் பற்றித் தெரிவது முதல் தடவையைவிடக் குறைவு. இவர் போன வருடம் நுவரெலியாவுக்குக் குளிசையை மறந்துபோய், அன்றிரவு முடியாமல் போயிருக்கிறது. "பாத்தீங்களா டொக்டர், அது இல்லாட்டி வேலை செய்யேல்ல" என்று அதையே எனக்குச் சாட்சியாகச் சொன்னார். நான் கேட்டேன்: "பையைத் திறந்து பாத்து, குளிசை இல்லையெண்டு தெரிஞ்ச நேரத்திலயிருந்து என்ன யோசிச்சுக்கொண்டிருந்தீங்கள், தம்பி?" பதில் வரவில்லை. உடம்பு இந்த மருந்தைக் கேட்டு நடுங்குவதில்லை, விட்டால் வாந்தியோ வலிப்போ வராது. பழகிப்போனது மனம் மட்டும்தான். அதனாலேயே "இதுக்கு அடிக்ட் ஆகிறதில்லைத்தானே" என்று துணிந்து சொல்கிறார்கள்.

இப்படி வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது காலை விறைப்பைப் பற்றி. நித்திரையில் ஓர் இரவில் மூன்று முதல் ஐந்து தடவை ஆரோக்கியமான ஆணுக்குத் தானாக விறைப்பு வரும், விடியற்காலையில் எழும்பும்போது தெரிவது அதில் கடைசியானது. அது ஒழுங்காக இருந்தால், தனியே இருக்கும்போதும் பிரச்சினை இல்லை என்றால், குழாயும் நரம்பும் ஹோர்மோனும் பெரும்பாலும் நலம். மாதக்கணக்காக அதுவும் இல்லை என்றால் கதை வேறு. அப்போது வெறுவயிற்றுச் சீனி, கொலஸ்ட்ரோல், பிரஷர், காலையில் எடுத்த இரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் எல்லாம் பார்க்கவேண்டும். பார்மசியில் குளிசை வெட்டி வாங்குகிறவன் இந்தச் சீனியைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பையும் சேர்த்து வெட்டி எறிகிறான். இவருக்குக் காலை விறைப்பு தினமும் இருந்தது. சீனி 88.

சிகிச்சை என்று பெரிதாக ஒன்றும் இல்லை, பொறுமைதான் வேண்டும். மனைவியையும் கூப்பிட்டேன். அவருக்கு வேறு ஒரு காயம் இருந்தது. லப்டொப் பையில் ஒருமுறை குளிசையைக் கண்டு, "என்னில ஆசை இல்லாமத்தான் இதைப் போடுறாரோ, இல்லாட்டி வேற ஆரும் இருக்கோ" என்று ஆறு மாதமாக மனதுக்குள் வைத்திருந்திருக்கிறார். அதைப் பேசி முடிக்கவே ஒரு முழு நாள் போயிற்று. அதன் பிறகு மூன்று கிழமைக்கு உடலுறவு கூடாது என்று சொன்னேன். தொடலாம், அணைக்கலாம், அதற்கு மேல் இல்லை. பரீட்சையே இல்லாத இடத்தில் தோற்கவும் முடியாதே. இரண்டாவது கிழமையே குளிசை இல்லாமல் விறைப்பு வந்ததென்று கொஞ்சம் வெட்கத்தோடு போனில் சொன்னார். பிறகு 50, பிறகு 25, பிறகு குளிசை அலுமாரியில், ஆள் கட்டிலில். நடுவில் இரண்டு தடவை சரிவரவில்லை. எல்லா ஆணுக்கும் எப்போதாவது சரிவராத நாள் உண்டு என்பதை அவர் 29 வயதில்தான் முதல் தடவையாகக் கேள்விப்பட்டார். நாலு மாதம் எடுத்தது. எல்லோருக்கும் இவ்வளவு லேசாக முடிவதில்லை. சிலரை மனநல வைத்தியரிடம் அனுப்பியிருக்கிறேன்.

இதை வாசிக்கிற தம்பிமாருக்குச் சில விஷயம். நண்பன் தரும் பாதிக் குளிசையை வாங்காதீர்கள். பேஸ்புக்கில் "ஹேர்பல்" என்று விற்கும் கப்ஸ்யூலை அதைவிட நம்பாதீர்கள். இப்படிப்பட்ட பலவற்றில் சொல்லாமல் சில்டெனாபில் கலந்திருப்பதை வெளிநாட்டு மருந்துக் கட்டுப்பாட்டாளர்கள் திரும்பத் திரும்பக் கண்டுபிடித்திருக்கிறார்கள், எத்தனை மில்லிகிராம் என்று உறையில் எழுதியிருக்காது. ஐஸ் போதைப்பொருள் பாவிக்கிறவர்கள் இதையும் சேர்த்து எடுக்கிறார்கள், இருதயத்தை இரண்டு பக்கமும் இழுக்கிற வேலை அது. ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருப்பவர்கள் 24 மணித்தியாலத்தில் ஒன்றுக்கு மேல் போடவேண்டாம், வேலை செய்யவில்லை என்று தோன்றினாலும். பார்மசிக்கார அண்ணாமார், கத்தரிக்கோலை எடுக்க முதல் துண்டைக் கேளுங்கள். இது வைத்தியரின் துண்டுக்கு மட்டும் கொடுக்கவேண்டிய மருந்து என்று உங்களுக்குத் தெரியும்.

விறைப்பு 4 மணித்தியாலத்துக்கு மேல் இறங்காவிட்டால், வலிக்கிறதோ இல்லையோ, விடியும்வரை பொறுக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அடைபட்டு நிற்கும் இரத்தத்தில் ஒட்சிசன் தீர்ந்து உள்ளே தசை செத்துப்போகும், பிறகு எந்தக் குளிசையும் உதவாது. நெஞ்சுநோ என்றால் 1990க்கு அடியுங்கள், அம்புலன்ஸில் ஏறியவுடனேயே என்ன குளிசை, எத்தனை, எத்தனை மணிக்கு என்று சொல்லிவிடுங்கள். மாமனார் பக்கத்தில் நின்றால், டொக்டரோடு தனியாகக் கதைக்கவேண்டும் என்று கேளுங்கள். திரையை இழுத்து விடுவார்கள்.