குண்டுத் துளை இழுபட்டால் டெக்ஸ்சரைப் பெரிதாக்காதீர்கள்

இந்த மாதம் இது மூன்றாவது. எபென் பக்கம் வேலை செய்யும் தம்பி ஒருவர் படம் அனுப்பியிருந்தார். இங்கே மொரீஷியஸில் கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே நிற்கும் பழைய சர்க்கரை ஆலைகளைப் பார்த்து அமைத்த காட்சி அது. எரிமலைக்கல் சுவர், கல் புகைபோக்கி, எல்லாம் அழகு. சுவர் மூலையில் விழுந்த குண்டுத் துளை மட்டும் பக்கவாட்டில் வழிந்து, தார் இழுகியதுபோல் இருந்தது. "அண்ணா, 256-லிருந்து 2048-க்கு மாற்றிவிட்டேன், அப்படியும் இழுக்கிறது" என்றார்.

இழுக்கத்தான் செய்யும். முந்தைய இருவரும் இதையேதான் செய்தார்கள். தயவுசெய்து இதைப் பொறுமையாகப் படியுங்கள்.

துளை ஒரு டீகால், அதாவது ஒரு பெட்டிக்குள் அகப்படும் பரப்பின்மேல் ஒரே திசையில் விழும் படம். அவருடைய டீகால் 12 செ.மீ. அகலம். குண்டு பட்ட இடம் மூலை விளிம்பிலிருந்து 3 செ.மீ. தள்ளி. பெட்டியின் ஆழம் 40 செ.மீ., அதில் பாதி சுவருக்குள்ளே போகிறது. மூலை திரும்பியதும் வரும் பக்கச் சுவர், படம் விழும் திசைக்கு இணையாக ஓடுகிறது. அந்தச் சுவரில் எந்தப் புள்ளியை எடுத்தாலும் அதன் `uv.x` ஒன்றேதான்: 0.75. அதாவது டெக்ஸ்சரின் ஒரே ஒரு நெடுவரிசை 20 செ.மீ. நீளத்துக்குத் திரும்பத் திரும்பப் பூசப்படுகிறது. 2048 போட்டால் அதே நெடுவரிசை இன்னும் கூர்மையாகத் தெரியும், அவ்வளவுதான். இழுபடுவது கோணத்தின் கணக்கு. சுவரின் நார்மலுக்கும் படம் விழும் திசைக்கும் உள்ள கோணம் 60° என்றால் இரண்டு மடங்கு, 80° என்றால் கிட்டத்தட்ட ஆறு மடங்கு, 90°-இல் எல்லையே இல்லை.

அவர் கோப்பைத் திறந்து பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. பெட்டியைக் குண்டு வந்த திசையில் திருப்பியிருந்தார். இது நான் அதிகம் பார்க்கும் தவறு. சாய்வாக 70°-இல் பட்ட குண்டின் 12 செ.மீ. வட்டம் சுவரில் 35 செ.மீ. நீள்வட்டமாகிவிடும். குண்டு மோதிய இடத்தின் நார்மலைப் பார்த்துத்தான் பெட்டி நிற்க வேண்டும். குண்டின் திசை வேண்டுமென்றால் தீப்பொறிக்கும் புழுதிக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, ஆழத்தைக் குறையுங்கள். குண்டுத் துளைக்கு 4 செ.மீ. போதும்; கல் ரொம்ப மேடுபள்ளமாக இருந்தால் கொஞ்சம் கூட்டலாம். பிறகு திரும்பி நிற்கும் பரப்பை ஷேடரில் வெட்டுங்கள்:

```hlsl
float3 p = mul(worldToDecal, float4(worldPos, 1)).xyz;
clip(0.5 - abs(p));
float2 uv = p.xy + 0.5;
float3 n = normalize(cross(ddy(worldPos), ddx(worldPos)));
alpha *= smoothstep(0.35, 0.6, dot(n, decalNormal));
```

`worldPos` டெப்த் பஃபரிலிருந்து மீட்டெடுத்தது. நார்மல் உள்பக்கமாக வந்தால் `ddx`, `ddy` இரண்டையும் இடம் மாற்றுங்கள். 53° வரை துளை முழுதாகத் தெரியும், 70°-ஐ நெருங்கும்போது மறைந்துவிடும். மூலையில் துளை விளிம்போடு நின்றுவிடும். உடைந்த கல்லும் அப்படித்தான் இருக்கும்.

இந்த `n`-க்குப் பதிலாக ஜி-பஃபர் நார்மலை எடுக்காதீர்கள். அதில் நார்மல் மேப்பின் மேடுபள்ளமும் கலந்திருக்கும். எரிமலைக்கல்லில் அது பொத்தல் பொத்தலாக வெட்டி, துளையைப் பூச்சி அரித்தது போலாக்கிவிடும். தம்பி முதலில் அதைத்தான் செய்து பார்த்து, "கோணச் சோதனை வேலை செய்யாது" என்று கைவிட்டிருந்தார்.

எல்லாம் சரியான பிறகும் முன்னால் நிற்கும் தூணின் ஓரத்தில் சின்னச் சின்னச் சதுரங்களாக ஒரு கோடு தெரியலாம். அங்கே பக்கத்துப் பிக்சல் வேறொரு தூரத்தில் இருப்பதால் `uv` திடீரென்று தாவுகிறது, ஜிபியு மிகச் சிறிய மிப்பை எடுத்துவிடுகிறது. `SampleLevel` வைத்து, தூரத்தைக் கொண்டு மிப்பை நீங்களே கணக்கிடுங்கள். அதே ஓரத்தில் `n`-உம் ஒரு பிக்சல் அளவுக்குத் தவறும். குண்டுத் துளையில் அது கண்ணுக்குப் படாது.

அழுக்கின் கதை வேறு. புகைபோக்கியின் ஆரம் 1 மீட்டர் என்று வையுங்கள். 12 செ.மீ. துளைக்கு அந்த வளைவு ஒரு பொருட்டே இல்லை, ஓரத்தில்கூடக் கோணம் 3.4° தான். அதே புகைபோக்கியில் 1.6 மீட்டர் அகலக் கரிக்கறையை ஒரே பெட்டியில் ஒட்டினால் ஓரத்தில் 53° ஆகிவிடும், கறை 1.67 மடங்கு இழுபடும். மேலே சொன்ன வெட்டும் சரியாக அங்கேதான் தொடங்குகிறது, உங்களைக் காப்பாற்றாது. கரிக்கறைக்கு நடுப்புள்ளியும் கிடையாது, முழுமையான உருவமும் கிடையாது. அதனால் பெட்டியை எங்கே அழுக்கு என்று சொல்லும் முகமூடியாக மட்டும் வைத்துக்கொண்டு, கறையின் நெளிவை உலக ஆயத்தொலைவில் ட்ரைபிளேனராக எடுங்கள். செங்குத்துச் சுவரில் மிக மோசமான இடம் 45°, அங்கும் 1.41 மடங்குதான். இரண்டு திசைப் படங்களும் அங்கே கலப்பதால் அதுவும் தெரியாது. துளைக்கு மட்டும் ட்ரைபிளேனர் வேண்டாம், மூலையில் இரண்டு துளைகள் ஒன்றன்மேல் ஒன்றாக மங்கித் தெரியும்.

தம்பி நேற்று இரவு திருத்தி அனுப்பினார். டெக்ஸ்சர் மறுபடியும் 256.