தம்ப்நெயிலுக்கு ஒரு கணம், டைட்டில் கார்டுக்கு ஐந்து நொடி

மண்குதிரை செய்யும் ஒரு பெரியவரைப் பற்றிய 12 நிமிடப் படத்தை எடிட் செய்துகொண்டிருந்தேன். முடியும் தறுவாயில், கூட வேலை செய்யும் தம்பி தம்ப்நெயிலையும் டைட்டில் கார்டையும் செய்து கொண்டுவந்தார். இரண்டிலும் ஒரே படம். பெரியவர் ஈர மண்ணை இரு கைகளாலும் வழித்துக் குதிரையின் கழுத்தை ஏற்றுகிறார். அருமையான ஷாட்தான். ஆனால் தம்ப்நெயிலில் விரல்கள் கரைந்துபோயிருந்தன. டைட்டில் கார்டிலோ படம் ஐந்து நொடி உறைந்து நின்று, பிறகு சட்டென்று அசைந்தது.

"ஓடும்போது நல்லாத்தானேண்ணே இருந்துச்சு" என்றார்.

உண்மைதான். நொடிக்கு 25 ஃப்ரேம் எடுக்கும்போது ஷட்டரைப் பெரும்பாலும் 1/50-இல் வைக்கிறோம். அந்த நேரத்துக்குள் கை நகர்ந்த தூரம் முழுவதும் ஒரே ஃப்ரேமில் பூசிக்கொள்ளும். ஓட்டத்தில் கண் அதை இயல்பான அசைவாக எடுத்துக்கொள்கிறது. நிறுத்திப் பார்த்தால் மங்கல். ஷார்ப்பன் போட்டாலும் விரல் திரும்பி வராது, விளிம்பில் வெள்ளைக் கோடுதான் வரும். அதனால் தெளிவான ஃப்ரேமைத் தேடித்தான் எடுக்க வேண்டும். ஊஞ்சல் உச்சிக்குப் போய்த் திரும்பும் முன் ஒரு கணம் நிற்குமே, கையும் அப்படித்தான். மேலே ஏறிய கை கீழே இறங்கத் திரும்பும் இடத்தில் இரண்டு மூன்று ஃப்ரேம் தெளிவாக இருக்கும். அம்புக்குறி விசையால் ஒவ்வொன்றாக நகர்த்தி, கண் மூடாத ஃப்ரேமை அதில் தேர்ந்தெடுத்தோம்.

தம்பி எடுத்திருந்தது ஸ்கிரீன்ஷாட். எங்கள் டைம்லைன் ப்ராக்ஸி என்ற சிறிய நகல் கோப்புகளில் ஓடிக்கொண்டிருந்தது, அதுவும் கால் பங்கு அளவில். கேமராவிலிருந்து வந்த மூலக் கோப்போ 3840×2160. அதிலிருந்து நேராக எடுக்க ffmpeg என்ற மென்பொருளில் ஒரு வரிக் கட்டளை போதும்:

```
ffmpeg -ss 00:04:12.480 -i C0043.MP4 -frames:v 1 kai.png
```

நிறத்தையும் கான்ட்ராஸ்ட்டையும் குறைத்துப் பதியும் லாக் முறையில் எடுத்த ஃபுட்டேஜ் என்றால் இப்படி எடுத்த படம் வெளுத்துத்தான் இருக்கும். படத்துக்குப் போட்ட கலர் கிரேடை இதற்கும் போட்டுக்கொள்ள வேண்டும்.

மூலக் கோப்புக்குப் போவதில் இன்னொரு வசதி உண்டு. யூடியூப் தம்ப்நெயிலுக்கு 1280×720 போதும். 4கே ஃப்ரேமின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் வெட்டி எடுத்தாலே அந்த அளவு வந்துவிடுகிறது. முழு ஷாட்டில் கொட்டகை, வைக்கோல், பானை எல்லாம் இருந்தன. நாங்கள் முகத்தையும் கைகளையும் மட்டும் வெட்டினோம். 1920×1080-இல் எடுத்திருந்தால் மூன்றில் இரண்டு பங்குக்குக் கீழே வெட்ட முடியாது, பெரிதாக்க வேண்டிவரும். வெட்டும்போது வலது கீழ் மூலையை விட்டுவிடுங்கள், வீடியோவின் நேரம் அங்கேதான் வந்து உட்காரும்.

எழுத்து விஷயத்தில் தமிழுக்கென்று ஒரு சிக்கல் இருக்கிறது. தம்பி 'மண்குதிரை' என்று எழுதி, தடித்த கறுப்பு அவுட்லைன் போட்டிருந்தார். கணினித் திரையில் எடுப்பாகத் தெரிந்தது. போனில் பார்த்தால் ண-வின் சுழிகள் அடைத்து, புள்ளி அவுட்லைனுக்குள் மறைந்து, 'மணகுதிரை' ஆகிவிட்டது. ஆங்கில எழுத்துக்குத் தாங்கும் அவுட்லைன் நம் எழுத்துக்குத் தாங்காது. அவுட்லைனை எடுத்துவிட்டு, பின்னால் பரவலான மெல்லிய நிழல் மட்டும் வைத்தோம். புள்ளி சற்றுப் பெரிதாக இருக்கும் எழுத்துருவுக்கும் மாறினோம். படத்தை 160 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கிப் பார்த்தோம். அப்போதும் புள்ளி தெரிந்தது.

அப்புறம் டைட்டில் கார்டு. ஃப்ரேமை உறைய வைத்தால் கை மட்டுமல்ல, படத்தில் துடித்துக்கொண்டே இருக்கும் நுண்ணிய இரைச்சல் புள்ளிகளும் நின்றுவிடுகின்றன. பார்ப்பவருக்குக் காரணம் தெரியாது, ஆனால் ஏதோ செத்துக் கிடப்பதுபோல் தோன்றும். வேறு வழியே இல்லையென்றால், மூன்று நான்கு சதவீதம் மெல்ல ஜூம் செய்து, மேலே அசையும் ஃபிலிம் கிரெய்ன் போடலாம். எங்களுக்கு அந்த அவசியம் வரவில்லை. அதே ஷாட்டில் பெரியவர் உள்ளே வருவதற்கு முன்பே கேமரா ஓடத் தொடங்கியிருந்தது. பாதி முடிந்த குதிரை, இடப்பக்கம் இருண்ட சுவர், கூரை இடுக்கு வழியாக விழும் வெயிலில் மிதக்கும் தூசி. எடிட்டில் நாம் முதலில் வெட்டி எறிவது இந்த முனைகளைத்தான். ஒளிப்பதிவு செய்பவர்கள் தயவுசெய்து ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன்னும் பின்னும் ஐந்து நொடியாவது ஓடவிடுங்கள். எங்களுக்கு அது பொக்கிஷம்.

எழுத்தை அந்தச் சுவரின் மேல் வைத்தோம். முதல் ஃப்ரேமில் பளிச்சென்று தெரிந்தது. ஓடவிட்டுப் பார்த்தபோது, ஆறாவது நொடியில் பெரியவர் இடப்பக்கமிருந்து நுழைய, அவருடைய வெள்ளை வேட்டியில் எழுத்து காணாமல் போனது. டைட்டில் கார்டை ஒரே ஃப்ரேமில் பார்த்து முடிவு செய்யக் கூடாது என்பது இதனால்தான். தலைப்பை வாய்விட்டு நிதானமாக இருமுறை படித்துப் பார்த்தோம், நான்கு நொடி ஆனது. ஐந்தாவது நொடியில் எழுத்து மங்கி மறையும்படி வைத்தோம்.

இரண்டிலும் பொதுவாக வைத்தது எழுத்துருவையும் நிறத்தையும் மட்டும்தான். நிறத்தை ஈர மண்ணில் வெயில் பட்ட இடத்திலிருந்து எடுத்து, சுவரின் மேல் படிக்க வசதியாகக் கொஞ்சம் வெளுப்பாக்கினோம். தம்ப்நெயிலைத் தொட்டு உள்ளே வருபவர் அந்த நிறத்தைத்தான் மறுபடி முதலில் பார்ப்பார்.