பச்சைக்கு மேலே ஏன் சிவப்பு?

நார்வேயின் ட்ரோம்சோவில் வேலை செய்யும் வேலூர்ப் பெண் ஒருவர் துருவ ஒளியைப் படமெடுத்து அனுப்பியிருந்தார். அடியில் பளிச்சென்ற பச்சைத் திரை, அதன் மேல்விளிம்பில் மங்கிய சிவப்பு. இந்த வரிசை தலைகீழாக மாறுவதில்லை; அதற்கான காரணம்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

இரண்டு நிறங்களையும் தருவது ஆக்ஸிஜன் அணுதான். சூரியனிலிருந்து வீசும் மின்துகள் காற்று பூமியின் காந்தப்புலத்தை இரவுப் பக்கமாக நீண்ட வாலாக இழுக்கிறது. அந்த வாலில் சேரும் ஆற்றல் திடீரென விடுபடும்போது, எலக்ட்ரான்கள் காந்தக் கோடுகளைச் சுற்றிச் சுழன்றபடி துருவப் பகுதிகளை நோக்கிப் பாய்கின்றன. திரையில் தெரியும் செங்குத்து மடிப்புகள் அந்தக் கோடுகளின் தடங்களே.

எலக்ட்ரான் மோதியதும் ஆக்ஸிஜன் அணு ஆற்றலை ஏற்றுக்கொள்கிறது. உடனே ஒளியாக விடுவதில்லை. பச்சை ஒளியை விட அதற்குச் சராசரியாக முக்கால் விநாடி போதும். சிவப்புக்கோ ஏறத்தாழ 2 நிமிடம் தேவை. அதற்குள் வேறொரு துகள் இடித்துவிட்டால் ஆற்றல் அதனிடம் போய்விடும், ஒளி பிறக்காது. வேலூர் பஸ் நிலையக் கூட்டத்தில் யார் மீதும் இடிபடாமல் 2 நிமிடம் நிற்பது நடக்கிற காரியமா? 100 கி.மீ. உயரத்தில் சிவப்பின் நிலை அதுதான். காற்று மிக மெலிந்த 200 கி.மீ.க்கு மேலேதான் அதற்கு அவகாசம் கிடைக்கிறது. பச்சை 100 முதல் 150 கி.மீ. உயரத்திலேயே தப்பிவிடுகிறது.

உயரம் கூடினால் தொலைவிலிருந்தும் தெரியும். பூமியின் வளைவைக் கணக்கிட்டால், 100 கி.மீ. உயரத்துப் பச்சை ஏறத்தாழ 1,130 கி.மீ. தூரம் வரைதான் அடிவானத்துக்கு மேல் தெரியும், 400 கி.மீ. உயரத்துச் சிவப்பு 2,250 கி.மீ. வரை தெரியும். தெற்கே வர வர முதலில் மறைவது பச்சை. 2024 மே மாதப் பெரும் காந்தப் புயலின்போது லடாக்கின் ஹான்லேயில் வடக்கு அடிவானத்தில் சிவப்பு மட்டுமே பதிவானதை இந்தக் கணக்கோடு சேர்த்துப் பார்க்கலாம்.

ஹான்லேயிலிருந்து வேலூர் இன்னும் ஏறத்தாழ 2,200 கி.மீ. தெற்கே இருக்கிறது. அதோடு, காந்த நிலநடுக்கோடு திருநெல்வேலியை ஒட்டிச் செல்வதால், நம் தலைக்கு மேல் காந்தக் கோடுகள் ஏறக்குறையக் கிடையாகவே ஓடுகின்றன. எலக்ட்ரான்கள் அவற்றைப் பற்றிக்கொண்டு கீழே இறங்க வழியில்லை.

ஆனாலும் ஜவ்வாது மலையில், காவலூர் வானாய்வகத்தைச் சுற்றியுள்ள இருட்டில் கேமராவை நெடுநேரம் திறந்து வைத்து எடுத்த படத்தில் மெல்லிய பச்சை படிந்திருந்தால் வியக்க வேண்டாம். பகலில் சூரிய ஒளி உடைத்துப் பிரித்த ஆக்ஸிஜன் அணுக்கள் இரவில் மீண்டும் சேரும்போது விடும் வான்மிளிர்வு அது. நிறம் துருவ ஒளியின் அதே பச்சைதான். அடையாளம் காண வடிவத்தைப் பாருங்கள்: மடிப்போ செங்குத்துக் கதிரோ இருக்காது, வானம் முழுதும் பரவி அடிவானத்துக்குச் சற்று மேலே கூடுதலாகத் தெரியும். சூரியனில் புயல் ஏதும் இல்லாத இரவுகளிலும் அது இருக்கும்.